பேச்சுக்கு ஒரு வால்

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். வீட்டிலும் சொல்வார்கள், வேலையிலும் சொல்வார்கள். பேச்சுச் சிகிச்சை செய்கிற ஆளுக்குப் பொறுமைதான் முதல் தகுதியாம். இருக்கட்டும். பாரிசவாதம் வந்தவர் ஒரு சொல்லுக்காக வாயைத் திறந்து மூடித் திண்டாடும்போது நேரம் பாராமல் காத்திருக்கிற பொறுமை எனக்கு உண்டு. அவருக்குப் பக்கத்தில் நின்று "சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா" என்று நச்சரிக்கிறவர்களிடம்தான் அது எனக்கு இல்லை.

நான் மட்டக்களப்பில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். விதானையார் அங்கேதான் என்னிடம் வந்தார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு ஊர். அவர் வட்டை விதானை. அதாவது, வட்டை என்கிற ஒரு வயல்வெளியைச் செய்கிறவர்கள் கூடி, வாய்க்காலில் எப்போது தண்ணீர், மாடுகளை எப்போது வயலை விட்டுக் கலைப்பது என்பதையெல்லாம் பார்க்கச் சொல்லித் தெரிவு செய்கிற ஆள். வாயால் வேலை பார்த்த மனுசன் என்று சொல்லலாம். சக்கர நாற்காலியில் இருத்தி மனைவி தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஒரே மகள், அவுஸ்திரேலியாவில் இருந்து லீவில் வந்தவள், கையில் மருந்துப் பையோடு.

உட்கார்ந்ததும் உட்காராததுமாக மனைவி என்னிடம் கேட்டார்.

"மிஸ், எனக்கு ஒண்டுதான் தெரியணும். இவர் உள்ளுக்குள்ள இருக்காரா, இல்லையா?"

புருசனுக்கு முன்னாலேயே கேட்டார். விதானையார் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள்தான் விளக்கினாள். அவள் லீவு முடிந்து போகும்போது தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போகிறாள். தாய்க்கும் சீனி வருத்தம், கண்ணும் மங்கிவிட்டது. தனியாக இருந்து ஒரு நோயாளியைத் தூக்கிக் கிடத்தவும் குளிப்பாட்டவும் ஏலாது. தகப்பனுக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பேசியாகிவிட்டது, நல்ல இடம். தாய் மட்டும் ஓம் என்று சம்மதிக்கிறார் இல்லை.

"அவருக்கு ஆக்களத் தெரியுமெண்டா நான் விட்டுட்டுப் போக மாட்டன்" என்றார் மனைவி. "தெரியாதெண்டா இவள் சொல்றபடி செய்யிறன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

இப்படி ஒரு பாரத்தைத் தூக்கி என் மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என்ன சாத்திரக்காரியா? பார்ப்போம், கொஞ்சம் நாள் தாருங்கள் என்றேன்.

பாரிசவாதம் அவருக்கு மூளையின் இடப்பக்கத்தில் அடித்திருந்தது. வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயின. இப்படிப் போகும்போது சிலருக்குச் சில துணுக்குகள் தப்பிவிடும். ஒன்று இரண்டு எண்ணுவது, ஏசுவது, கும்பிடும்போது சொல்வது. நினைத்துத் தேடாமல் தானாக வாயில் வருகிற பேச்சு. வார்டுக் குறிப்பின்படி விதானையாருக்குத் தப்பியது இரண்டு. ஒன்று "அதுதானே". மற்றது "எங்க..." என்று ஒரு இழுவை.

இரண்டையும் வைத்து ஒரு குவளை தண்ணீர் கேட்க முடியாது. பெயரும் இல்லை, செயலும் இல்லை. "அதுதானே" என்றால் நீ சொல்கிறது சரி, நானும் உன் பக்கம் என்று அர்த்தம். "எங்க..." என்றால் நீ நினைக்கிற மாதிரி நடக்கப்போவதில்லை, விடு என்று அர்த்தம். எங்கள் பேச்சு முழுக்க இப்படிப்பட்ட வால்கள்தான். தானே, போல, ஆக்கும், எல்லோ, பெண்கள் பேசினால் வசனத்துக்கு ஒரு கா. விஷயத்தை அவை கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. விஷயத்தைச் சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்று காட்டும், அவ்வளவுதான்.

"அது சும்மா வந்தது மிஸ்" என்றாள் மகள். "இருமல் மாதிரி."

அவள் சொன்னதில் பிழையில்லை. தானாக வருவதும் உண்டு. எதைக் கேட்டாலும் ஒரே துணுக்கைச் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பேச்சு என்று நம்பிக் குடும்பத்துக்கு ஆசை காட்டிவிட்டால் பிறகு அழுகிறது அவர்கள்தானே, நானில்லையே.

படம் போட்ட அட்டைகளை எடுத்தேன். அந்த அட்டைகளைச் செய்த ஆளை ஒருநாள் சந்தித்தால் நாலு வார்த்தை கேட்பேன். ஒன்றில் பனியால் செய்த மனுசன் இருக்கிறான். படுவான்கரையில் யாருக்கு அவனைத் தெரியும்? அதை ஒதுக்கிவிட்டுப் பூனை, கதவு, கோப்பை என்று காட்டினேன். "இது பூனையா?" ஒன்றுமில்லை. "கோப்பையைக் காட்டுங்கள்." ஒன்றுமில்லை. கை அசையவில்லை, கண்ணும் அசையவில்லை. அந்த இரண்டு துணுக்குகள்கூட வரவில்லை. அடுத்த முறையும் அப்படியே. மகள் தாயைப் பார்த்த பார்வையில், பார்த்தீங்களா அம்மா என்று இருந்தது.

வீட்டில் எப்படி என்று கேட்டேன். வீட்டிலும் வாயே திறப்பதில்லையாம். வார்டில் இருந்தபோது அந்த இரண்டையுமாவது சொன்னாராம்.

அவர்கள் அவரோடு பேசுவதைக் கவனித்தபோது எனக்கு விளங்கத் தொடங்கியது. வார்டில் இருந்து அனுப்பும்போது நாங்கள் ஒரு புத்திமதி சொல்வோம். சின்ன வசனமாகப் பேசுங்கள், ஒரு நேரத்தில் ஒரு விஷயம். நல்ல புத்திமதிதான், இன்றைக்கும் சொல்கிறேன். மகள் அதைச் சட்டமாக்கிவிட்டாள்.

"அப்பா. இது தேநீர். தேநீர் வேண்டுமா?"

வானொலியில் செய்தி வாசிக்கிற குரல். தேத்தண்ணி என்றுகூட இல்லை, தேநீர். பிள்ளையில் பிழை சொல்ல ஏலாது, தகப்பனுக்கு விளங்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு சொல்லாகத் துடைத்துத் துடைத்து வைத்தாள். தாயும் அவளைப் பார்த்துப் பழகிவிட்டார். "இவருக்கு முன்னால நான் இப்ப அளந்துதான் மிஸ் பேசுற" என்றார். அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் மட்டும் பேச்சு பழையபடி வாலும் தலையுமாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலும் அப்படித்தானாம், அவருடைய கட்டில் ஓரத்திலேயே.

பிறகொரு நாள் காலை, அவரை மட்டும் என்னோடு விட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரும் மருந்து எடுக்கப் போயிருந்தார்கள். வெளியே மழை. நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன், கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது. அறைக்குள் புழுக்கம் என்றால் அப்படி ஒரு புழுக்கம். எனக்கு எரிச்சல். அவருக்கென்று இல்லாமல், கூரையைப் பார்த்துச் சொன்னேன்.

"இந்தா, போயிட்டுதெல்லோ. இனி மத்தியானம் வரைக்கும் இப்படியே அவியணும் ஆக்கும்."

"அதுதானே" என்றார் விதானையார்.

பெருமூச்சோடு. ஒரு பஸ் தரிப்பில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவர் மற்றவருக்குச் சொல்வதுபோல. நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது எனக்குச் சொன்ன பதில் போலிருந்தது. காட்டிக்கொள்ளாமல் அட்டைகளைத் தட்டி அடுக்கினேன். "ஜெனரேட்டர் இந்தப் பக்கத்துக்கும் போடுவாங்க போல" என்றேன்.

வாயின் ஒரு பக்கம் இழுபட்டது. "எங்க..." என்றார்.

ஜெனரேட்டர் எங்கள் அறைப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. அவர் சொன்னது சரிதான்.

ஒரு முறை நடந்தது தற்செயலாகவும் இருக்கலாம். என் குரலின் ராகத்தைக் கேட்டு, அதற்கு ஏற்ற துணுக்கை வாய் தானாக எடுத்துக் கொடுக்கவும் கூடும். ராகம் விளங்கும், சொல் விளங்காது என்று இருப்பவர்கள் உண்டு. அதனால் நான் உடனே ஓடிப்போய் யாருக்கும் சொல்லவில்லை. அடுத்தடுத்த வருகைகளில் அட்டைகளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அவரோடு கதைக்கத் தொடங்கினேன்.

முதலில் ஒரே விஷயத்தை வாலில்லாமலும் வாலோடும் சொல்லிப் பார்த்தேன். "மழை பெய்கிறது" என்றேன். யன்னலைப் பார்த்தார், அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து, "இந்த மழை இப்பைக்கு விடாது போல" என்றேன். "அதுதானே" வந்தது. மழை பெய்கிறது என்று ஒருவருக்குச் சொன்னால் அவர் என்ன சொல்வது? அவருக்கும் கண் இருக்கிறதே. அதில் அவருக்கென்று ஒரு இடம் விடவில்லை நான். "விடாது போல" என்றால் ஒரு ஆளைப் பக்கத்தில் இருத்தி, நீ என்ன நினைக்கிறாய் என்று முகத்தைப் பார்க்கிற மாதிரி. வீட்டில் அவருக்கு அந்த இடத்தைத்தான் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது ராகம். ராகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு உண்மையை மட்டும் மாற்றினேன்.

"வெள்ளாமை வெட்டின கையோட நெல்லு விலை இறங்கிடும்தானே."

"அதுதானே." அதில் அவருடைய எத்தனை வருசத்து வயிற்றெரிச்சல் இருந்தது என்று எனக்குத் தெரியாது, நிறைய இருந்தது.

"மாரி வெள்ளாமைக்குச் சித்திரையிலதானே விதைக்கிற."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐப்பசி மழைக்கு விதைக்கிறதைச் சித்திரை என்கிறாளே, எந்த ஊர்க்காரி இவள் என்ற பார்வை. "எங்க..."

"கல்குடா இங்கயிருந்து தெற்காலதானே கிடக்கு."

"எங்க..." இந்த முறை சிரிப்பும் சேர்ந்து வந்தது. வடக்கே இருக்கிற ஊரைத் தெற்கே தள்ளினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

வேறு வேறு நாளில், வேறு வேறு விஷயத்தில், ஒரே குரலில். இரண்டொன்று தவறியது. மற்றதெல்லாம் சரி. பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லாத மனுசன், என் ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்துப் பார்த்து, இது சரி, இது புளுகு என்று தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் போன பிறகு நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். சந்தோசத்தில்தான். எனக்கு அழுகையும் சுருக்கென்று வரும்.

அடுத்த கிழமை தாயையும் மகளையும் உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். அவர்களுக்கு முன்னால் அவரோடு கொஞ்சம் கதைத்துக் காட்டினேன். பிறகு சொன்னேன். சொற்கள் திரும்பி வருமா என்று என்னால் சொல்ல ஏலாது. கனக்க வராமலும் போகலாம். ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பதில், இருக்கிறார். உள்ளே நன்றாக இருக்கிறார். அன்றாடப் பேச்சு அவருக்கு விளங்குகிறது.

மனைவி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார். கண் மட்டும் சிரித்தது.

மகள் மருந்துப் பையைக் கீழே வைத்தாள். "அப்ப," என்றாள். "நாங்க இவ்வளவு நாளும் வீட்ட பேசினதெல்லாம்..."

முதியோர் இல்லத்தைப் பற்றி, கட்டிலை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பற்றி, வீட்டை யாரிடம் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போவது என்பதைப் பற்றி, எல்லாம் அவருடைய கால்மாட்டில் இருந்துதான் பேசியிருந்தார்கள். அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது அம்மா என்று அவளே சொல்லியிருந்தாள். மனைவியின் கண்ணில் இருந்த சிரிப்பும் மெல்ல நின்றது. விதானையார் யன்னலைப் பார்த்தார். முதல்நாளில் இருந்தே அவர் ஏன் யன்னலைப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளியே போகும்போது மகள் என்னிடம் மட்டும் சொன்னாள். "நீங்க செய்தது நல்லதா கெட்டதா எண்டு எனக்குத் தெரியல்ல மிஸ். அம்மா இனி அசைய மாட்டா. அவவும் விழுந்தா யார் பாக்கிற? சொல்லுங்களன்."

எனக்குக் கோபம் நாக்கு நுனி வரை வந்தது. உள்ளே ஆள் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா? ஆனால் அவள் மருந்துப் பைக்குள் மாத்திரைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. அங்கே இரண்டு சின்னப் பிள்ளைகள், இங்கே இரண்டு வருத்தக்காரர், நடுவில் ஒரு கடல். கெட்ட பிள்ளை என்றால் செய்தி வாசிக்கிற குரலில் தேநீர் கொடுக்க மினக்கெட்டிருக்க மாட்டாள். "அவரிட்டயே கேளுங்க" என்றேன். "இனித்தான் கேக்க ஏலுமே. வேணுமெண்டா நானும் வாறன்."

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் எங்கள் வேலைதான். ஒரு நாள் பின்னேரம் போனேன். விதானையாரைக் கதிரையில் தலையணை வைத்து இருத்தியிருந்தார்கள். மனைவி எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்துவிட்டு அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றார். மகள் தகப்பனுக்கு முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து தொடங்கினாள்.

"அப்பா. நான் அம்மாவை அழைத்துச் செல்லட்டுமா?"

ஒன்றுமில்லை.

"கேக்காதீங்க" என்றேன். "கதைங்க. கதைச்சிட்டு அவருக்கும் கொஞ்சம் இடம் விடுங்க."

அவளுக்கு வரவில்லை. அவுஸ்திரேலியாவில் பிள்ளைகளோடு இங்கிலீசில், டெலிபோனில் தகப்பனோடு சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று மட்டும். தகப்பனோடு இருந்து சும்மா கதைத்து எத்தனையோ வருசம். இரண்டு முறை வாயைத் திறந்து மூடினாள். அந்த நேரம் அவளும் என் நோயாளி மாதிரித்தான் இருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, சின்னப் பிள்ளையில் பேசிய பேச்சில் சொன்னாள்.

"அம்மா எங்களோட வந்தா, சீனி வருத்தத்துக்கு நல்லாப் பாக்கலாம்தானே அப்பா."

அவர் அவளையே பார்த்தார். நேரம் எடுத்தது. "அதுதானே" என்றார்.

மகள் நிமிர்ந்தாள். முகத்தில் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வாசலில் நின்ற மனைவிக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் ஓம் சொல்லிவிட்டார் என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டார்கள். மகள் சொன்னது உண்மை, அதை அவர் உண்மை என்றார். அதற்கு மேல் அவரிடம் ஒருவரும் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்குமுன் மனைவியே பேசினார், கோபத்தில்.

"அப்ப நீங்க தனிய அந்த இடத்தில இருந்து சமாளிச்சிடுவீங்க ஆக்கும்."

"எங்க..." என்றார் அவர். சொல்லும்போதே கண் நிறைந்து வழிந்தது. வலது கையால் துடைக்கப் பார்த்தார், கை மடியை விட்டு எழவில்லை.

மகள் முக்காலியோடு முன்னால் நகர்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்துவிட்டாள். "அப்ப நான் என்னதான் அப்பா செய்யிற" என்றாள். அவர் அவளுடைய தலையில் இடது கையை வைத்தார். ஆனால் பார்த்தது அவளையில்லை. அடுப்படி வாசலைப் பார்த்தார். உதடு கூம்பியது, விரிந்தது. ஏதோ ஒன்றைத் தேடி எடுக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"என்ன?" என்றார்.

என்னிடம் வந்த நாளில் இருந்து அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை. குரல் கடைசியில் கொஞ்சம் மேலே போனது. எது என்று கேட்கிற என்ன இல்லை அது. நாலு பேர் கூடி ஒன்றைப் பேசிவிட்டு, நீ என்ன சொல்கிறாய் என்று ஒருவர் பக்கம் திரும்பி விட்டுக்கொடுக்கிற என்ன.

மனைவி பின்னால் திரும்பிப் பார்த்தார், அடுப்படிக்குள் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று. "என்னட்டயா கேக்கிறார்?" என்றார் என்னிடம். பிறகு அவரிடம், "என்னட்டயா?"

"வட்டையில எல்லாரிட்டயும் கேப்பார் மிஸ்" என்றார், நின்றபடியே. "தண்ணி திறப்பமா, என்ன? கூட்டம் வைப்பமா, என்ன? எத்தனையோ பேரிட்ட இப்படிக் கேக்கிறதை நான் வேலிக்கு இங்கால நிண்டு கேட்டிருக்கன். வீட்ட வந்தா, இப்படித்தான் எண்டு சொல்லுவார். நான் ஓம் எண்டுவன். மோசமான மனுசன் இல்ல, குறை சொல்ல வரல்ல. என்னட்டக் கேக்கிறேல்ல, அவ்வளவுதான்."

மகள் தலையைத் தூக்கிச் சொல்ல வந்தாள், "அம்மா, நீங்க..." விதானையார் இடது கையை அவள் தோளில் அழுத்தி நிறுத்தினார். கண்ணை வாசலில் இருந்து எடுக்கவில்லை.

மனைவி உள்ளே வந்தார். அவருக்கு நேரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"இருங்க" என்றார். "நான் யோசிச்சுச் சொல்றன்."

உண்மையாகவே யோசித்தார். அவசரப்படவில்லை. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து போனது. என் பிளேன்டீ ஆறிப்போய்விட்டது. அதுவரைக்கும் அந்த அம்மா சொன்னதெல்லாம் அவர் உள்ளே இருந்தால் போக மாட்டேன், இல்லையென்றால் போகிறேன் என்பதுதான். புருசன் உள்ளே இருக்கிறாரா என்று எங்கள் எல்லாரிடமும் கேட்டார். அந்த அம்மாவின் விருப்பம் என்ன என்று கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எனக்குப் போக விருப்பமில்ல" என்றார் கடைசியில்.

மகள் அழுதாள். விதானையார் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டதற்குப் பதில் கிடைத்த ஆள் எப்படி இருப்பாரோ அப்படி.